பேச்சுச் சிகிச்சை: எந்த முறை, எத்தனை காலம்?

சிவாஜிநகரில் வசிக்கும் நமது சங்க அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மைச் சந்தித்தபோது ஒரு சங்கடத்தைச் சொன்னார். அவருடைய மைத்துனருக்கு மனநல வைத்தியர் பேச்சுச் சிகிச்சை செய்துகொள்ளும்படி சொல்லியிருக்கிறாராம். விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைச் சொல்கிறார்களாம். “எதைத் தேர்ந்தெடுப்பது? எத்தனை மாதம் போகவேண்டும்? ஒவ்வொரு தடவையும் கட்டணமும் கொடுத்து, அரை நாள் கூலியையும் இழக்க வேண்டியிருக்கிறதே!” என்றார். நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாமல்தான் பலர் இரண்டு தடவை போய்விட்டு நின்றுவிடுகின்றனர். வேறு சிலர் யாதொரு பலனுமின்றி வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கின்றனர். ஆகவே இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

பேச்சினால் மனநோயைத் தீர்க்கும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வைப் பின்பற்றி, கிரீந்திரசேகர போஸ் என்பவர் 1922-லேயே கல்கத்தாவில் ஒரு சங்கம் நிறுவினார். நம் பெங்களூரில் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையம், 1974-இல் மைசூர் அரசாங்க மனநல மருத்துவமனையுடன் இணைந்து, ஓசூர் சாலையில் இன்று நாம் காணும் நிம்ஹான்ஸ் ஆயிற்று. இத்தகைய சிகிச்சையில் பயிற்சி பெற்றோர் பலரை அது உருவாக்கி வருகிறது.

முறைகள் பல இருப்பினும், நமது வாசகர்கள் மூன்றை அறிந்துகொண்டால் போதும். உளப்பகுப்பாய்வின் வழிவந்த முறை, ஒருவர் வாழ்வில் திரும்பத் திரும்ப நேரும் ஒரே விதமான துன்பத்தின் வேரை இளமைக் காலத்திலும் உறவுகளிலும் தேடுகிறது. உறவுவழிச் சிகிச்சை என்பது, ஒரு மரணம், ஓயாத சச்சரவு, ஊர் மாறி வந்ததனால் வாழ்வு தலைகீழாக மாறியது ஆகிய காரணங்களால் வந்த மனச்சோர்வைக் கவனிக்கிறது. மூன்றாவதுதான் சி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் எண்ண-நடத்தைச் சிகிச்சை. இது, இப்பொழுது நோயை விடாமல் பிடித்துவைத்திருப்பது எது என்று பார்க்கிறது. நோயின் பூர்வோத்தரத்தை அது அவ்வளவாகத் துருவுவதில்லை.

இதனை வகுத்தவர்களுள் முக்கியமானவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆரன் பெக். அவரும் முதலில் உளப்பகுப்பாய்வாளரே. மனச்சோர்வுற்றோர் உள்ளத்தில் மின்னல்போல் ஓடி மறையும் சில எண்ணங்களே அவர்களை மேலும் சோர்வுறச் செய்கின்றன என்பதை 1960-களில் அவர் கண்டார். அவ்வெண்ணங்களைப் பிடித்து எழுதி, உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் வழியை உருவாக்கினார்.

இச்சிகிச்சை நடைபெறும் விதத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இது எந்தத் தனி மனிதரின் கதையும் அன்று; பலருக்கும் நேர்வதைக் கொண்டு நாமே அமைத்தது. கமர்ஷியல் தெருப் பக்கம் தையல் வேலை செய்யும் 42 வயதுள்ள ஒருவர், சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து மெஜஸ்டிக்குக்குக் கூட்டமான வண்டியில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன. மாரடைப்பென்று எண்ணிப் பதறி நடுவழியில் இறங்கிவிட்டார். வைத்தியர் இருதயத்தையும் தைராய்டையும் சோதித்துக் குற்றமில்லை என்றார். ஆயினும் அது முதல் பேருந்து ஏறுவதில்லை. சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர்ப் புட்டி, பக்கத்தில் மனைவி இல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்படுவதுமில்லை. இந்நோய்க்குப் பீதி நோய் என்று பெயர்.

முதல் இரண்டு சந்திப்புகளில் சிகிச்சையாளர் அவருடன் சேர்ந்து ஒரு வட்டம் வரைகிறார். கூட்டத்தில் நெஞ்சு சற்றே வேகமாகத் துடிக்கிறது. “இதோ மாரடைப்பு” என்று ஓர் எண்ணம் எழுகிறது. எண்ணத்தால் பயம், பயத்தால் துடிப்பும் மூச்சும் மேலும் வேகமடைகின்றன. வேகமாக மூச்சுவிடுவதால் தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. அதனைக் கண்டு, “சந்தேகமே இல்லை, மாரடைப்புத்தான்” என்று பயம் இரட்டிக்கிறது. இந்த வட்டத்தை நோயாளி தம் கையாலேயே வரைந்து பார்ப்பது சிகிச்சையில் பாதி என்று சொல்லலாம். அதன்பின் வீட்டுப்பாடம்: ஒரு நோட்டுப் புத்தகத்தில், எங்கே, உடலில் என்ன, மனத்தில் என்ன, பயம் 100-க்கு எவ்வளவு என்று நாலு பத்தியாக எழுதிவரவேண்டும்.

மூன்றாம், நாலாம் சந்திப்புகளில் சோதனை தொடங்கும். வைத்தியர் உடலில் கோளாறில்லை என்று சொன்ன பிறகே இதனைச் செய்வர். சிகிச்சையாளரின் அறையிலேயே ஒரு நிமிஷம் வேகமாக மூச்சுவிடச் சொல்கிறார். நின்ற இடத்தில் ஓடச் சொல்கிறார். அதே படபடப்பு, அதே மரமரப்பு வருகின்றன. சும்மா உட்கார்ந்திருக்க, சில நிமிஷங்களில் தாமே தணிகின்றன. “இது மாரடைப்பு என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?” என்று முன்னும் பின்னும் கேட்கிறார். முன்பு 90 என்றவர் இப்போது 50 என்கிறார். “பயப்படாதீர்கள், எல்லாம் நன்றாக நடக்கும்” என்று உற்சாகமூட்டுவதே இச்சிகிச்சை என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. தம் எண்ணம் மெய்யா பொய்யா என்பதை நோயாளி தாமே சோதித்தறிவதே இதன் உயிர்நிலை.

ஐந்திலிருந்து ஒன்பது வரையிலான சந்திப்புகளில் ஏணிப்படிபோல் ஒரு பட்டியல் இடுகின்றனர். பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நிற்பது, பயம் 30. மனைவியுடன் ஒரு நிறுத்தம் போவது, 45. தனியே ஒரு நிறுத்தம், 60. கதவருகே உட்காராமல் மெஜஸ்டிக் வரை, 80. மாலைக் கூட்டத்தில் நின்றுகொண்டே போவது, 95. ஒவ்வொரு படியையும் பயம் குறையும்வரை பல தடவை செய்யவேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால், “இறங்கியதனால் பிழைத்தேன்” என்றே மனம் எழுதிக்கொள்ளும்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நம் தையற்காரர் மெஜஸ்டிக் வரை போய்விட்டார். ஆனால் பையிலே மாத்திரை, கையிலே புட்டி. போய்ச் சேர்ந்ததும், “மாத்திரை இருந்ததால் ஆபத்தில்லை” என்று எண்ணுகிறார். எனவே ஏணியில் ஏறுவதோடு இந்த ஊன்றுகோல்களையும் ஒவ்வொன்றாக விடவேண்டும். கூடவே போகும் மனைவியும் அன்பினால் ஊன்றுகோலாகி விடுகிறார். அவரையும் ஒரு சந்திப்புக்கு அழைத்து, எப்போது விலகி நிற்பது என்பதைச் சொல்லித் தருவது நல்லது. நாள்தோறும் சாப்பிட்டுவரும் மாத்திரையின் விஷயம் வேறு. அதனை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

கடைசி இரண்டு மூன்று சந்திப்புகள் பதினைந்து நாளைக்கு ஒன்றாகத் தள்ளிப்போகும். பயம் மீண்டும் வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பர். ஆக, சுமார் 12 சந்திப்புகள். மூன்று, நான்கு மாதங்கள். பீதி நோய்க்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் போதுமென்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியின் கணக்கு. மனச்சோர்வுக்கு 12 முதல் 20 சந்திப்புகள் என்பது வழக்கம். திரும்பத் திரும்பக் கை கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல் முதலிய எண்ணச் சுழல் நோய்க்கும் ஏறக்குறைய அவ்வளவே. கடுமையாயின் மேலும் நீளும். உறவுவழிச் சிகிச்சை 12 முதல் 16 வாரம். உளப்பகுப்பாய்வு வழிவந்ததில் 16, 24 சந்திப்புகளில் முடிவதும் உண்டு. ஓராண்டுக்கு மேல் செல்வதும் உண்டு. நம் நாட்டில் கோவா மாநிலத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களைக் கொண்டு, 6 முதல் 8 சந்திப்புகளிலேயே மனச்சோர்வைக் குறைக்கலாம் என்று 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அங்கே கையாண்டதும் இவ்வினத்தைச் சேர்ந்த எளிய முறையே.

அப்படியாயின் எதைத் தேர்வது? பீதி, குறிப்பிட்ட பொருளைக் கண்ட அச்சம், எண்ணச் சுழல் ஆகியவற்றுக்கு எண்ண-நடத்தைச் சிகிச்சையே முதலில் நாடத்தக்கது. மனச்சோர்வுக்கோ மூன்றும் ஏறத்தாழ ஒத்த பலன் தருகின்றன. அதில் துக்கமோ சச்சரவோ காரணமாகத் தெரிந்தால் உறவுவழி முறை. வீட்டுப்பாடம் செய்யச் சம்மதமுள்ளவருக்கு எண்ண-நடத்தை முறை. “எங்கே போனாலும் எனக்கு இதே கதி” என்பவருக்கு உளப்பகுப்பாய்வு வழி. ஆனால் காதில் குரல் கேட்பவருக்கும், மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருபவருக்கும், பேச்சுச் சிகிச்சைக்கு முன்பே மனநல வைத்தியர் வேண்டும், மருந்தும் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமிருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலும், பேசலாம். உடனே மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லவேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கன்னடமும் ஆங்கிலமும் நமக்குச் சரளமாக வரலாம். ஆனால் பயத்தில் மின்னும் எண்ணம் தாய்மொழியில்தான் வருகிறது. “உயிரே போயிடும்” என்று தோன்றியதை மொழிபெயர்த்து எழுதினால் அதன் சூடு போய்விடும். சூடு போன எண்ணத்தைச் சோதித்துப் பயனில்லை. ஆகவே தமிழறிந்த சிகிச்சையாளரைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிடில், நோட்டுப் புத்தகத்தையாவது தமிழிலேயே எழுதிப் போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

முதல் நாளே நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். எந்த நோய்க்குச் சிகிச்சை செய்கிறோம்? எந்த முறையில்? ஏறக்குறைய எத்தனை சந்திப்பு? குணம் கண்டதை எதனால் அறிவோம்? மருத்துவ உளவியலாளராயின், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேட்கலாம். நல்லவர் எவரும் கோபிக்கமாட்டார். எண்ண-நடத்தைச் சிகிச்சை என்று சொல்லி, வீட்டுப்பாடமும் இல்லை, அளவெடுப்பும் இல்லை, வாரந்தோறும் நடந்ததைக் கேட்டு ஆறுதல் சொல்வது மட்டுமே என்றால், அது வேறு ஏதோ; அச்சிகிச்சை அன்று.

ஆறாவது சந்திப்புக்குள் நோட்டுப் புத்தகத்து எண்கள் சிறிதேனும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையாயின் நின்றுவிடாமல், “ஏன் இறங்கவில்லை?” என்று சிகிச்சையாளரிடமே கேளுங்கள். ஊன்றுகோல் ஏதேனும் மறைந்திருக்கலாம். சொல்லாமல் விட்ட குடிப்பழக்கம் இருக்கலாம். நோயே வேறாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் முறையை மாற்றலாம்.

நமது அன்பரின் மைத்துனர் இரண்டாவது சந்திப்போடு நிறுத்திவிட்டாராம். “வட்டம் போட்டுக் காட்டினார், வேறொன்றும் செய்யவில்லை” என்பது அவர் குறை. அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் போகச் சொல்லுங்கள் என்றோம். சோதனை தொடங்குவது அங்கேதான்.