புலம்பல் வேண்டாம், எண் வேண்டும்

"ஐயா, என் பணம் ரெண்டு தடவை போயிடுச்சு, உடனே அனுப்பவும்." ராயபுரம் நண்பர் ஒருவர் பேமென்ட் கேட்வேக்கு அனுப்பிய புகார் இது. பதில் இல்லையென்று கொதிக்கிறார். எப்படி வரும்? கன்டெய்னர் எண் சொல்லாமல் துறைமுகத்தில் பெட்டியைக் கேட்டால் யார் தேடுவார்?

மரியாதையாக எழுதினால் போதும் என்கிறார்கள். போதாது. வங்கிக் கணக்கில் ஒவ்வொரு யுபிஐ பிடித்தத்துக்கும் 12 இலக்க யுடிஆர் எண் தனித்தனியாக இருக்கும். தேடுவது அதைக்கொண்டுதான். ஆகவே இப்படி மாற்றினோம்:

"ஆர்டர் 7731, தேதி 12-03-2025. ரூ.1,840 இருமுறை பிடித்தம். காலை 10.12, யுடிஆர் 507104318826: ரசீது வரவில்லை. காலை 10.15, யுடிஆர் 507104319240: ரசீது வந்தது. முதல் தொகையைத் திருப்பவும்."

எண்ணைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள். அப்போதுதான் தேட முடியும். ஓடிபி, பின் எண் எழுதவே கூடாது.

பணம் பிடித்தும் கடைக்கு உறுதி போகவில்லையென்றால் 5 நாளில் தானே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ரூ.100 என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. இரண்டு தொகையும் கடைக்கே போய்ச் சேர்ந்திருந்தால் இந்த விதி உதவாது. கடைக்காரர்தான் திருப்ப வேண்டும். எது நடந்தது என்பதை அந்த இரண்டு எண்கள்தாம் சொல்லும், நம் கோபம் சொல்லாது.