எறும்புக்கு வழி காட்டுவது யார்?



ஜூன் மாதம் பள்ளி திறந்தால் திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து வீடுகளில் இரண்டு சேர்ந்தே வரும். ஒன்று பலாப்பழம். இன்னொன்று எறும்பு. பிள்ளையின் டிபன் பாக்ஸில் நாலு சுளை வைத்து அனுப்பாத தாய் நம் ஊரில் குறைவு. மத்தியானம் பையைத் திறந்தால் எறும்பு. பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கும். சிரிப்புக்குப் பயந்து சோற்றைக் கொட்டிவிட்டு, பட்டினியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். வீட்டில் சொன்னால், "எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும்" என்று பாட்டி சமாதானம் சொல்வாள். மாமியாரோ "சுத்தமில்லை" என்று மருமகளைக் குறை சொல்வாள். இரண்டுமே பிரச்சினையைத் தீர்க்காது.

என் கருத்து இதுதான்: எறும்பைக் கொல்வதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியை அதன் பாதையை அழிப்பதில் காட்டினால் போதும்.

அறிவியல் பாடத்தில் சொன்னது சிலருக்கு நினைவிருக்கும். இரை கண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது, வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகும். மற்றவை அந்தக் கோட்டைப் பிடித்து வரும். 1959-ல் எட்வர்டு வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் நெருப்பெறும்பின் உடலிலுள்ள ஒரு சிறு சுரப்பியை எடுத்து, அதன் சாற்றால் கோடு இழுத்துப் பார்த்தார். எறும்புகள் அந்தக் கோட்டின் வழியே நடந்தன. அதனால், நீங்கள் நூறு எறும்பைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினாலும் கோடு தரையிலேயே இருக்கும். சற்று நேரத்தில் அடுத்த வரிசை வரும்.

போன வருடம் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் என் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, பையனுக்குப் பையிலும் எறும்பு, சட்டையிலும் எறும்பு. புதுப் பை வாங்கியும் நிற்கவில்லை" என்றாள். நேரில் போய் எறும்பைப் பார்த்தேன். பையில் இருந்தவை கடுகை விடச் சின்னவை. சட்டையில் இருந்தவை நீளக் கால் கொண்ட, செம்மஞ்சள் நிற முசுறு. இரண்டும் வேறு வேறு எறும்பு என்றால் இரண்டுக்கும் வேறு வேறு வழி என்று அர்த்தம்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். பை, சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. சின்ன எறும்பு ஜன்னலடியில் ஒரு விரிசலிலிருந்து இறங்கி, சுவர் ஓரமாகவே வந்து பைக்குள் போனது. பையைக் கவிழ்த்தால் அடித் தையலில் பிசுபிசுப்பு. முந்தின நாள் சுளைச்சாறு கசிந்திருக்கிறது. டிபன் பாக்ஸைக் கழுவியவர்கள் பையைத் துடைக்கவில்லை. பாக்ஸிலும் ஒரு குறை இருந்தது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், அந்தப் பள்ளத்தில் பழைய சாறு கறுத்துப்போய் இருந்தது.

முசுறுக்குக் காரணம் தோட்டத்தில் கிடைத்தது. துணி காயப்போடும் கொடியின் ஒரு முனை மாமரத்தில் கட்டியிருந்தது. முசுறு மாவிலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும். கொடிதான் அதற்குப் பாலம். காய்ந்த சட்டையை உதறாமல் மடித்து வைத்தால், எறும்பும் மடிப்பிலேயே தங்கிவிடுகிறது.

செய்தது அதிகமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பை இருந்த இடத்திலிருந்து விரிசல் வரை சுவரையும் தரையையும் அழுத்தித் துடைத்தோம். வெறும் தண்ணீர் போதாது. சோப்புதான் வாசனைக் கோட்டைக் கரைத்து எடுக்கும். விரிசலில் ஈரச் சோப்புத் துண்டைத் தேய்த்து அடைத்தோம். பையின் உள்பக்கத்தையும் அதே தண்ணீரால் துடைத்து வெயிலில் காயவைத்தோம். கொடியை மரத்திலிருந்து அவிழ்த்து இரும்புக் கம்பத்தில் கட்டினோம். மறுநாள் ஒன்றிரண்டு எறும்பு வழி தெரியாமல் அலைந்தது. இன்னொரு முறை துடைத்த பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

பையை ஆணியில் மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் ஏறத் தெரியாத எறும்பு ஏது? நம் பாட்டிமார் உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்ததுதான் சரியான வழி. ஒரு ஸ்டூலின் நான்கு கால்களையும் சிறு கிண்ணங்களில் நிறுத்துங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விடுங்கள். தண்ணீர் மேல் தூசி படிந்தால் எறும்பு அதையே பாலமாக்கும், கொசுவும் முட்டையிடும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்டூலும் சரி, பையின் வாரும் சரி, சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் கிண்ணம் வைத்ததே வீண்.

எறும்பு சாக்பீஸ் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது பார்க்கப் பள்ளிக்கூடத்து சாக்பீஸ் போலவே இருக்கிறது, ஆனால் பூச்சிமருந்து. அதைப் பையைச் சுற்றியோ டிபன் பாக்ஸ் வைக்கும் அலமாரியிலோ கோடு போடாதீர்கள். எறும்புப் பவுடரும் அப்படித்தான். அந்தத் தூள் பிள்ளையின் விரலில் ஒட்டி, விரல் வழியாகச் சோற்றுக்குப் போகும். மஞ்சள் தூள் கோட்டால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அது கொஞ்ச நேரம்தான் தடுக்கும், பழைய பாதையை அழிக்காது.

இந்த வேலைக்கு நேரம் ராத்திரிதான், காலை அவசரத்தில் நடக்காது. படுக்கப் போகுமுன் பையைக் கவிழ்த்துத் தட்டுவது, சட்டைப் பையையும் டிராயர் பையையும் வெளியே இழுத்து மிட்டாய்த் தாளை எடுப்பது, மூடி வளையத்தைக் கழற்றிக் கழுவுவது. மொத்தம் ஐந்து நிமிடம். காலையில் பாக்ஸை மூடிய பிறகு வெளி விளிம்பை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். வாசனை அங்கிருந்துதான் கிளம்புகிறது. பலாச்சுளையைத் தனிச் சின்ன டப்பாவில், கொட்டை எடுத்து வைத்தால் சாறு கசிவது குறையும். பள்ளியில் பையைச் சுவரோரத் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வைக்கச் சொல்லுங்கள்.

சட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டால் மேலே அழுத்தித் தேய்க்கக் கூடாது. சட்டையைக் கழற்றி உதறி, ஒட்டிக்கொண்டிருப்பதைத் தட்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்தால் போதும். மறுநாள் சிறு கொப்புளம் வந்தால் கிள்ள விடாதீர்கள். ஆனால் உதடோ கண்ணோ வீங்கினாலும், உடம்பு முழுக்கத் தடித்தாலும், மூச்சு இழுத்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாசலில் அரிசிமாக் கோலம் போடுகிறோம். எறும்பு தின்னட்டும் என்றுதான் பெரியவர்கள் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கோலம் இருக்கட்டும். பிள்ளையின் சோற்றுக்குப் போகும் கோட்டை மட்டும் இன்றைக்கு ராத்திரி டார்ச் அடித்துத் தேடுங்கள். எந்த விரிசலில் முடிந்தது என்று கீழே எழுதுங்கள். அதே மாதிரி வீடு உள்ள இன்னொருவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
திருவதிகை