எழுபது குறிகளுக்குள் ஒரு வெள்ள எச்சரிக்கை

சுருக்கி எழுதுதல் என்றால் நீண்ட பத்தியிலிருந்து சில சொற்களை அடித்துவிடுவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பள்ளியில் எழுதிய சுருக்கி வரைதல் பயிற்சி அப்படிப் பழக்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் மதிப்பெண் கிடைத்தது. எதைக் குறைத்தோம் என்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. கைப்பேசிக் குறுஞ்செய்தியாக ஒரு வெள்ள எச்சரிக்கையை அனுப்பும்போது அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

முதலில் அளவைப் பார்க்கலாம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குள் 160 குறிகள் அடங்கும். தமிழோ இந்தியோ வங்காளமோ கன்னடமோ எழுதினால், நடைமுறையில் 70 குறிகளே அடங்கும். செய்தி அதைத் தாண்டினால் பல துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் அப்போது ஒரு துண்டுக்கு 67 குறிகள்தாம். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலக்கணம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் குறி வேறு. ‘வெள்ளம்’ என்பது இலக்கணப்படி நான்கெழுத்துச் சொல். கணினிக்கு அது ஏழு: ‘வெ’யில் கொம்பு தனி, ‘ள்’, ‘ம்’ இரண்டிலும் புள்ளி தனி. ஆகவே எழுபது குறி என்பது பெரும்பாலும் எட்டு முதல் பத்துச் சொற்களோடு முடிந்துவிடும்.

பவானி ஆற்றங்கரைக்கு அனுப்பப்படும் ஓர் அறிவிப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். அலுவலக நடையில் அது இப்படி இருக்கும்:

“நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் தொடர்ந்து பெய்துவரும் கனமழை காரணமாக அணையின் நீர்மட்டம் வேகமாக உயர்ந்து வருவதால், அணையின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு இன்று மாலை 6 மணி முதல் உபரிநீர் பவானி ஆற்றில் வெளியேற்றப்பட உள்ளது. எனவே ஆற்றின் இரு கரைகளிலும் வசிக்கும் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறும், ஆற்றில் குளிக்கவோ மீன்பிடிக்கவோ இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இதில் ஏறத்தாழ 400 குறிகள் உள்ளன, ஆறு துண்டுகள். எழுபதாவது குறியில் வெட்டினால் ‘அணையின’ என்று புள்ளிகூட இல்லாமல் நிற்கும். அதுவரை படித்தவருக்குத் தெரிவது மழை பெய்கிறது என்பது மட்டுமே. அது அவருக்கு முன்பே தெரியும். ‘6’ என்ற எண் வருவது 159ஆவது இடத்தில். ‘செல்லுமாறும்’ முந்நூறை ஒட்டி வருகிறது.

இதை எழுத்தரின் குறையாக மட்டும் பார்ப்பது சரியன்று. தமிழில் காரணம் முன்னும் வினை பின்னும் நிற்பது இயல்பு. இந்திய மொழிகள் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும். எதிர்மறையும் நம் மொழியில் கடைசியில்தான் வரும். ‘குழந்தைகளை ஆற்றுக்கு அனுப்ப வேண்டாம்’ என்ற தொடரின் வாலை வெட்டினால் எஞ்சுவது ‘குழந்தைகளை ஆற்றுக்கு அனுப்ப’. வாலிலிருந்து வெட்டும் முறை, தமிழில் தலையையே வெட்டிவிடுகிறது.

எனவே முதல் வேலை, பத்தியை ஒதுக்கிவைத்துவிட்டு வினைகளை மட்டும் எடுத்து அடுக்குவது. பெய்கிறது, உயர்கிறது, வெளியேற்றுகிறார்கள், செல்ல வேண்டும், இறங்கக் கூடாது, கேட்டுக்கொள்கிறார்கள். இவற்றுள் படிப்பவர் செய்யவேண்டியவை இரண்டே: செல்வதும் இறங்காதிருப்பதும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற ஒற்றைச் சொல் 27 குறிகளை விழுங்குகிறது. அதைத் தூக்கினால் இழப்பது அலுவலகத்தின் மிடுக்கு மட்டும்.

அடுத்து எழுதிப் பார்க்கும் வரி இப்படி அமையலாம்: “மாலை 6க்கு அணை திறப்பு. ஆற்றோரம் இருப்போர் உடனே மேட்டுக்குச் செல்க.” 67 குறிகள். எழுதியவருக்கு மனநிறைவு வரும் இடம் இது. தவறும் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘அணை திறப்பு’ என்பது பாசனத்துக்கான நற்செய்தி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று மலர் தூவித் திறப்பார்கள். அந்தச் சொல்லைக் கண்டு பதறுபவரைவிட வேடிக்கை பார்க்கப் புறப்படுபவர் அதிகமாக இருக்கக்கூடும். ‘உபரிநீர்’ என்பதும் அலுவலகச் சொல்லே. மிஞ்சிய நீர் என்று கேட்டு யாரும் வீட்டைவிட்டு ஓடமாட்டார்கள். ‘வெள்ளம்’ என்றுதான் சொல்லவேண்டும்.

“மாலை 6க்கு ஆற்றில் வெள்ளம் வரும். கரையோர மக்கள் மேட்டுக்குச் செல்க.” இதுவும் 67 குறிகளே. சொற்கள் தெளிவானவை, ஆனால் செய்தி மாறிவிட்டது. ஆறு மணிக்குத் திறப்பது மதகு. வெள்ளம் ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு நேரத்தில் அடையும். ஏழு மணி வரை நீர் வராத ஊரில் ‘பொய்ச் செய்தி’ என்று சொல்லி மக்கள் திரும்பிவிடுவார்கள். மூலத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடும் சுருக்கம், மூலத்தில் உள்ளதை விட்டுவிடும் சுருக்கத்தைவிடக் கெடுதலானது; விட்டதைப் படிப்பவர் கேட்டாவது தெரிந்துகொள்வார்.

நேரத்தை நிகழ்விலிருந்து எடுத்துச் செயலோடு சேர்த்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது: “ஆற்றில் வெள்ளம் வரும். கரையோர மக்கள் மாலை 6க்குள் மேட்டுக்குச் செல்க.” 69 குறிகள். இங்கே எண்ணை இலக்கத்தில் எழுதுவது இடத்துக்காக மட்டும் அன்று. ‘ஆறுக்குள்’ என்று எழுதினால் எந்த ஆறு என்ற குழப்பம் வரும்.

இனி ஒரு குறிதான் மிச்சம். ஆனால் ‘இன்று’ இல்லை, ஆற்றின் பெயர் இல்லை, இறங்காதே என்ற தடையும் இல்லை. குறுஞ்செய்தி சில நேரம் தாமதமாக வரும். மறுநாள் காலையில் படிப்பவர் எந்த மாலை என்று அறியமாட்டார். ‘வரும்’ என்பதை நீக்கி ‘இன்று’ சேர்க்கலாம், இடம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ‘ஆற்றில் வெள்ளம்’ என்பது இப்போதே வெள்ளம் ஓடுவதாகப் பொருள்படும். எட்டிப்பார்ப்பவர் கண்ணுக்கு மணல் தெரியும். ‘மேட்டுக்குச் செல்க’ என்பதை ‘மேடேறுக’ என்று குறுக்கினால் 11 குறி மிஞ்சும். அழகான சொல்தான். ஆனால் எச்சரிக்கையில் ஒருவர் இரண்டாம் முறை படிக்கவேண்டிய சொல்லுக்கு இடமில்லை.

இங்கே சுருக்குவதை நிறுத்தவேண்டும். இரண்டாவது துண்டுக்குரிய கட்டணத்தைக் கொடுப்பதே சரி. ஒரு துண்டுக்குள் அடக்கியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் சில காசுகளை மிச்சப்படுத்தி நாளையும் இடத்தையும் பலிகொடுக்கிறது. இரண்டு துண்டுகளில் 134 குறிகள் கிடைக்கும்:

“பவானி ஆற்றில் வெள்ளம் வரும். கரையோர மக்கள் இன்று மாலை 6க்குள் மேட்டுக்குச் செல்க. ஆற்றில் இறங்காதீர்கள். அணை திறக்கப்படுகிறது.”

இது 126 குறிகள். குளிப்பதும் மீன்பிடிப்பதும் ‘இறங்காதீர்கள்’ என்பதற்குள் அடங்கிவிட்டன. காரணம் கடைசிக்குப் போயிருக்கிறது. வழியில் எங்காவது வால் வெட்டுப்பட்டாலும் போவது அந்தக் காரணம் மட்டுமே. ‘அணை திறக்கப்படுகிறது’ என்பது வெள்ளத்தைச் சொன்ன பிறகு வருவதால் யாருக்கும் பாசனத்தை நினைவூட்டாது. நீர்மட்டம், நீர்ப்பிடிப்புப் பகுதி, அணையின் பாதுகாப்பு ஆகியவை நாளிதழ்ச் செய்திக்கு உரியவை. அங்கே அவற்றுக்கு இடம் உண்டு.

அனுப்புமுன் மூலப் பத்தியைப் பார்க்காத ஒருவரிடம் இந்த வரிகளைக் கொடுத்து, என்ன செய்வீர்கள், எப்போது செய்வீர்கள் என்று கேட்கவேண்டும். அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவரே போதும். அவர் ‘எந்த அணை?’ என்று கேட்டால் அப்படியே அனுப்பிவிடலாம். ‘எப்போது?’ என்று கேட்டால் மறுபடியும் எழுதவேண்டும்.