ஓடிப்போன பிள்ளையை அடிக்காதீர்!

தோழர்களே! பிள்ளை இரவு வீடு திரும்பாவிட்டால், "24 மணி நேரம் கழியட்டும், பிறகு போலீசுக்குப் போகலாம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டாளிகளிடம் விசாரித்துக்கொண்டே, அண்மைப் படத்துடன், ஈப்போவானாலும் சுங்கை சிப்புட்டானாலும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் உடனே புகார் கொடுங்கள். அன்று என்ன உடை போட்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

பிள்ளை திரும்பியதும் ரோத்தானை எடுக்காதீர். முதலில் சோறு போடுங்கள். மறுநாள் தனியே, "எதற்குப் பயந்து போனாய்?" என்று கேளுங்கள். வீட்டில் அடி, பள்ளியில் பகடிவதை, வெளியே சொல்லக் கூசும் தொல்லை என்று ஏதேனும் இருக்கலாம். மீண்டும் அடித்தால் அடுத்த முறை இன்னும் தூரம் போகும், வாயும் திறக்காது.

வீட்டிலேயே ஆபத்தென்றால், அண்டை வீட்டார் பிள்ளையை அங்கே திருப்பி அனுப்பாமல், 15999 தாலியான் காசே எண்ணை அழைக்க வேண்டும்.