கால்வளையம் சொன்ன கதை

கோல குராவில் இருக்கும் என் அக்காள் மகன் ஐந்தாம் ஆண்டு மாணவன். சென்ற அக்டோபரில் சேற்றுக் கரையில் மீன்வலைத் துண்டில் சிக்கிக் கிடந்த ஓர் உள்ளானைப் பிரித்து எடுத்தான். நுனி வளைந்த நீண்ட மூக்கு, உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். ஒரு காலில் உலோக வளையம், மற்றதில் மஞ்சள் நிறத்தில் சிறு கொடி போன்ற பட்டை.

"யாரோ வளர்த்த பறவைதான், பந்தயப் புறாவுக்கும் வளையம் உண்டே" என்றார் அக்காள் கணவர். எனக்குப் படம் அனுப்பினான். வளையத்தில் மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தது. புறாக் குஞ்சுக்கு மாட்டுவது இணைப்பே இல்லாத முழு வளையம். இது காட்டுப் பறவையைப் பிடித்து, இடுக்கியால் அழுத்தி மூடிய ஆய்வு வளையம்.

பதில் வரும்வரை காலணிப் பெட்டியில் வைத்துக்கொள்ளத்தான் அவனுக்கு ஆசை. "அது தெற்கே போகும் நேரம்டா. ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் உடம்பில் சேர்த்த கொழுப்பு கரையும். வளையத்தைக் கழற்றாதே, எண்ணை மட்டும் எடு" என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் வளையத்தை மெல்லத் திருப்பித் திருப்பி நான்கு படம் எடுத்தான். தேய்ந்த வளையத்தில் 3, 8 போலவே தோன்றும். ஒரே படத்தை நம்பக்கூடாது. பிறகு கரையில் விட்டான். ஓடி, பறந்து, மறைந்தது.

வளையத்தில் கான்பெரா, ஆஸ்திரேலியா என்றிருந்தது. எண், நாள், இடம், பறவை உயிருடன் பறந்தது ஆகிய நான்கையும் அங்கே எழுதி அனுப்பினான். கடைசியில் ஒரு வரி: "இதன் சொந்த நாடு எது?"

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள புரூமில், வளர்ந்த பறவையாக வளையம் இடப்பட்டதாம். மஞ்சள் பட்டையும் அந்த வட்டாரத்துக்கு உரியதே.

"அப்போ ஆஸ்திரேலியப் பறவையா, மாமா?"

இல்லை. இந்த உள்ளான் முட்டையிடுவது வட சைபீரியாவில், ஜூன், ஜூலை மாதங்களில். தாய் தந்தையர் முன்னதாகவே தெற்கே கிளம்பிவிட, குஞ்சுகள் வழிகாட்ட யாருமின்றிப் பின்னால் வரும். வளையம் சொல்வது பிடிபட்ட இடத்தை மட்டுமே. எந்தக் கூட்டில் பிறந்தது என்பதை அது சொல்லாது.

அவன் கணக்குப் போட்டான். புரூமிலிருந்து சைபீரியா ஒரு வழிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒரு முறை போய்வந்தால் 20,000. ஆறு ஆண்டில் 120,000, அதாவது பூமியை மூன்று சுற்று.

பிறகு நோட்டில் மூன்று வரி எழுதினான். பிறப்பு: சைபீரியா. வளையம்: புரூம். சந்திப்பு: கோல குராவ். "சொந்த நாடு" என்ற தலைப்பை மட்டும் அடித்துவிட்டான்.

இப்போது அவன் கேட்பது ஒரு தொலைநோக்கி. மஞ்சள் பட்டையில் எழுத்து பொறித்திருந்தால், பறவையைத் தொடாமலே படித்துவிடலாமாம்.