தார் கறைக்கு முதலில் எண்ணெய், பிறகே சோப்பு

கேள்வி: புதிதாகப் போட்ட ரோட்டில் நடந்து வந்ததில் மகனின் பள்ளிக் கால்சட்டை விளிம்பிலும் ரப்பர் செருப்பிலும் தார் ஒட்டிவிட்டது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, மணப்பாறை

பதில்: தார் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இளகும். எண்ணெய் போடும் முன் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை பரவி நூலுக்குள் இறங்கும்.

கால்சட்டையில் தாரின் மேல் ஐஸ் கட்டியை வைத்து இறுகச் செய்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். விளிம்புக்கு அடியில் பழந்துணி வைத்து, கறை மேல் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு வேறு துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். துணியில் பழுப்பு நிறம் ஏறாமல் ஆகும் வரை எண்ணெயும் துணியும் மாற்றித் திரும்பச் செய்யுங்கள். அதன் பின்பே சோப்பும் வெதுவெதுப்பான நீரும். மற்ற துணிகளோடு சேர்க்க வேண்டாம். கறை முழுதும் போகுமுன் இஸ்திரி போட்டால் சூட்டில் மீண்டும் இளகிப் பரவும்.

செருப்புக்கும் எண்ணெய் போதும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரை உப்பச் செய்யும், ஒட்டிய பசையையும் விடுவிக்கும். துடைத்தபின் அடிப்பாகத்தைச் சோப்பால் கழுவுங்கள், இல்லையென்றால் வழுக்கும்.