முதல் மலை நடையா? ஷூவை மாலையில் வாங்குங்கள்!

கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் வழியாக வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கி, அங்கிருந்து பெரியகுளம் பக்கம் உள்ள கும்பக்கரை அருவிவரை ஒரு மலைப்பாதை போகிறது. 'இறங்குறதுதானே, ஏறுறது இல்லையே' என்று முதல்முறை வருபவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். உயரக் கணக்கில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கம் அது. வழியெல்லாம் மர வேர், உருளும் கல், முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டிய பாறை. நடுவழியில் கால் முடியவில்லை என்றால் ஆட்டோவைக் கூப்பிட முடியாது. நடந்தேதான் ஆக வேண்டும்.

ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். இறக்கம் அப்படியில்லை. ஒவ்வோர் அடியிலும் பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி, விரல் நுனி ஷூவின் மூக்கில் போய் இடிக்கும். ஒருமுறை இடித்தால் தெரியாது. சில ஆயிரம் முறை இடித்தால், கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். சில வாரங்களில் நகமே கழன்றும் விழலாம். இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் ஷூ ஒரு சைஸ் சின்னதாக இருப்பதுதான்.

இந்தப் பாதையில் போக மதுரையில் இருந்து ஓர் அம்மாவும், கல்லூரியில் படிக்கும் மகளும் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வனத்துறை அனுமதி, வழிகாட்டி எல்லாம் முடிவாகிவிட்டது. காலையில் தொடங்கி மாலையில் முடியும் ஒருநாள் நடை. வாங்க வேண்டியது பையும் ஷூவும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது பெரிய பைதான். "அக்கா, அறுபது லிட்டர் எடுத்துக்கோங்க, எல்லாமே அடங்கிரும்" என்பார் கடைக்காரர். அடங்கும் என்பதுதான் பிரச்னையே. இடம் இருந்தால் நம் கை சும்மா இருக்காது. இன்னொரு மாற்றுத்துணி, இன்னொரு முறுக்கு டப்பா என்று ஏறிக்கொண்டே போகும். தவிர, அந்த அளவுப் பை வெறுமனே இருக்கும்போதே ஏறக்குறைய இரண்டு கிலோ கனக்கும்.

உண்மையில் ஒருநாள் நடைக்கு என்னதான் வேண்டும்? ஒருவருக்குத் தண்ணீர் இரண்டு லிட்டர், அது இரண்டு கிலோ. மதியச் சாப்பாடு, கடலை மிட்டாய், பழம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. மழைக்கோட்டும் மெல்லிய ஸ்வெட்டரும் முக்கால் கிலோ. டார்ச், மருந்து, பவர் பேங்க், மாற்று சாக்ஸ், சின்னத் துண்டு என்று இன்னொரு முக்கால் கிலோ. சிறிய பையின் சொந்த எடையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கூட்டினால் ஐந்தேகால் கிலோ. ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் சுமை நிற்பது நல்லது. அம்மாவின் எடை 58 கிலோ என்றால், ஐந்தேகால் கிலோ அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது.

லிட்டர் என்பது பைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதன் அளவு. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். அதைக் கண் முன்னால் நிறுத்திப் பார்த்தால் போதும். மேலே சொன்ன சாமான் எல்லாம் அந்த கேன் அளவு இடத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆகவே இருவருக்கும் 20 முதல் 25 லிட்டர் பை சரி. மலையில் ஒரு ராத்திரி தங்கி, படுக்கையும் சுமக்க வேண்டும் என்றால்தான் 40 லிட்டருக்கு மேல் யோசிக்க வேண்டும்.

அளவு முடிந்தால், அடுத்தது முதுகு. பையை நம் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆனால் கணக்கு முதுகின் நீளத்தில்தான் இருக்கிறது. தலையைக் குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். இடுப்பில் கை வைத்து நின்றால் இரண்டு பக்கமும் எலும்பின் மேல்விளிம்பு கையில் தட்டும். அந்த விளிம்புக்கு நேராக முதுகில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கழுத்தெலும்பில் இருந்து அதுவரை தையல் டேப்பால் அளந்தால் அதுதான் முதுகின் நீளம். உயரமான மகளுக்குக் குட்டை முதுகும், குள்ளமான அம்மாவுக்கு நீள முதுகும் இருப்பது அபூர்வம் இல்லை.

கடையில் பையை வெறுமனே மாட்டிக் கண்ணாடி பார்த்தால் எல்லாப் பையும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே ஐந்து கிலோ எடை போட்டு மாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். தண்ணீர் பாட்டில்களைக் கையோடு கொண்டு போனாலும் ஆயிற்று. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் போட்டு இறுக்க வேண்டும். பிறகு தோள் வார்கள், கடைசியாக நெஞ்சுப் பட்டை. தோளை முதலில் இறுக்கினால், எடை முழுக்க அங்கேயே தங்கிவிடும். பட்டை வயிற்றின் மேல் ஏறி நின்றால் அந்தப் பை குட்டை. கீழே இறங்கி உட்காரும் இடத்தில் தட்டினால் நீளம். தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தாலும் பை பொருந்தவில்லை என்றே அர்த்தம்.

ஒரு விஷயத்தைக் கடையில் சொல்ல மாட்டார்கள். 20 லிட்டர் பைகளில் இருக்கும் மெல்லிய இடுப்பு வார், எடையைத் தாங்குவதற்கு இல்லை. பை ஆடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. எடையைத் தோளில் இருந்து இடுப்புக்கு மாற்றும் தடித்த பஞ்சுப் பட்டை பெரிய பைகளில்தான் வரும். ஐந்து கிலோவுக்கு மெல்லிய வாரே போதும். அதற்காக அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது. பாறையில் இறங்கும்போது பை ஒரு பக்கம் சாய்ந்தால், ஆளும் சேர்ந்து சாய்வார்.

பை முடிந்தது. இனி ஷூ. கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கு இதற்குத்தான் போக வேண்டும். மகளின் பழைய காலேஜ் பையைக்கூட ஒருநாளைக்கு ஒப்பேற்றலாம். ஷூவில் அந்தச் சமாளிப்பு நடக்காது.

ஷூ வாங்க மாலையில் போக வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கப்போகிறது. நடையன்று போடப்போகும் சாக்ஸையே போட்டுப் பார்க்க வேண்டும். அது பருத்தியாக இல்லாமல் இருந்தால் நல்லது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரத் தோல் உரசினால் கொப்புளம் சீக்கிரம் வரும்.

ஷூவுக்கு உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நின்று பார்ப்பது எளிய சோதனை. குதிகால் பின்விளிம்போடு ஒட்டி நிற்கும்போது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பாதம் வெளியே பிதுங்கினால் அந்த மாடல் அந்தக் காலுக்கு ஆகாது. செருப்பிலேயே பழகிய பாதங்களுக்கு முன்பக்கம் அகலமாக இருப்பது சகஜம். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளிக்கப் பார்த்தால் குதிகால் உள்ளே ஆடும். வேறு மாடலைக் கேட்பதுதான் வழி. இரண்டு காலும் ஒரே அளவு என்று நம்பி ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். பெரிய கால் எதுவோ, அதற்குத்தான் சைஸ்.

பிறகு லேஸைக் கட்டிக்கொண்டு, கடைப் படிக்கட்டில் இறங்க வேண்டும். சாய்தளம் இருந்தால் இன்னும் நல்லது. ஷூ மூக்கைத் தரையில் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். விரல் முன்னால் இடித்தால் அங்கேயே கழற்றிவிட வேண்டும். "போடப் போட லூஸ் ஆயிரும்" என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். மேல்துணி கொஞ்சம் தளரும், நீளம் வளராது. திரும்ப மேலே ஏறும்போது குதிகால் ஷூவை விட்டு எழும்பி எழும்பி வந்தால், கொப்புளம் அந்த இடத்தில்தான் வரும்.

பிடிமானத்துக்கு ஷூவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தினமும் நடைப்பயிற்சிக்குப் போடும் ஷூவின் அடி கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும். சிமென்ட் தரைக்கு அது போதும். மலைக்கு, நான்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள கட்டைகள் வேண்டும். கட்டைகளுக்கு நடுவில் இடைவெளியும் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு, பத்தே நிமிடத்தில் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். குதிகால் பகுதி தனியாக, ஒரு படி இறங்கியது போல் எழும்பியிருந்தால் இறக்கத்தில் அதுதான் பிரேக். ரப்பரை நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். பிளாஸ்டிக் போல் கெட்டியாக இருப்பது பல வருடம் உழைக்கும். ஆனால் பாறையில் வழுக்கும். மெத்தென்ற ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். முதல் நடைக்கு, பிடிப்பதையே எடுக்கலாம்.

ஈரமான பாசிப் பாறையில் எந்த ஷூவும் பிடிக்காது. விலை எதுவானாலும் இதில் மாற்றமில்லை. அங்கே பாசி இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

தண்ணீர் புகாத ஷூ என்று கூடுதல் விலைக்கு ஒன்றைக் காட்டுவார்கள். ஓடையில் கால் வைத்தால் மேல்பக்கமாக உள்ளே போகும் தண்ணீர், அந்த ஷூவில் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். நம் ஊர் வெயிலில் உள்ளே வியர்வையும் அதிகம். ஒருநாள் நடைக்குக் காற்றோட்டமான வலைத்துணி ஷூ நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். கணுக்காலை மூடும் உயர ஷூவும் இவ்வளவு குறைந்த சுமைக்குக் கட்டாயம் இல்லை.

"சித்தப்பாவோட ட்ரெக்கிங் ஷூ பரண்ல இருக்கே, ஒரே ஒரு தடவைதான் போட்டாரு" என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஷூதான் ஆபத்து. பல ஷூக்களில் சோலுக்கு மேல் இருக்கும் மெத்தை பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும், பாதி வழியில் சோல் தனியே கழன்று வரும். ஷூவை நன்றாக வளைத்து, மெத்தைப் பகுதியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். விரிசல் விட்டாலோ, மாவு போல் உதிர்ந்தாலோ அது மலைக்கு வராது.

வாங்கிய ஷூவை நேராக மலைக்குக் கொண்டு போகக் கூடாது. முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டால், அழுக்காகாமல் கடையில் மாற்றிக்கொள்ளவும் முடியும். அப்புறம் இரண்டு வாரம் பையோடு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். குதிகாலிலோ சுண்டுவிரலிலோ எரிச்சல் தொடங்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், நடையன்று காலையிலேயே அங்கே மருத்துவ டேப் ஒட்டிவிடலாம். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பாதிப் பயன்தான். நகங்களை இரண்டு மூன்று நாள் முன்பே ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

வெள்ளகவி ஊருக்குள் செருப்பு, ஷூ போட்டு நடப்பதில்லை என்பது அங்குள்ள வழக்கம். அம்மாவும் மகளும் அங்கே ஷூவைக் கழற்றும்போது சாக்ஸையும் கழற்றி, காலைத் துடைத்துக் காற்றாட விடலாம். தாண்டியதும் மாற்று சாக்ஸைப் போட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கமாகவும் விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் கட்ட வேண்டும். கும்பக்கரை வரை மறுபடி இறக்கம்தான்.